பழைய கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்

ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் சில வருடம் அதிகாரியாக இருந்தேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், தினமும் காலையில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் சாயங்காலம் இறங்கி வருவேன். மாதிரிக் கையெழுத்தை மாற்றும் படிவம் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கிறது. கல்யாணமாகி இனிஷியல் மாறியவர்கள், கையெழுத்தைச் சுருக்கிக்கொண்டவர்கள் என்று பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பக்கவாதம் வந்தவருக்காக வரும் அதே படிவத்தை அதே ஐந்து நிமிடத்தில் பார்க்கக் கூடாது. அதை எனக்குப் புரியவைத்தது நாகலூர் பக்கம் இருந்த ஒரு ஓய்வுபெற்ற டீச்சரின் படிவம்.

டீச்சருக்கு எழுபத்தொரு வயது. பென்ஷன் எங்கள் கிளைக்குத்தான் வரும், இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தின் வரவு செலவும் அதே கணக்கில்தான். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பிப்ரவரி கடைசியில் மகள் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தப் படிவத்தைப் பார்த்தவுடன் ஏதோ இடித்தது. எங்கள் படிவத்தில் இரண்டு பகுதி உண்டு. மேலே ‘பழைய கையெழுத்து’ என்று ஒரு கட்டம், கீழே ‘புதிய கையெழுத்து’ என்று மூன்று கட்டம். கீழே இருந்த மூன்றும் கோணல்மாணலாக இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். மேல் கட்டத்தில் இருந்ததோ டீச்சரின் பழைய கையெழுத்து, அப்படியே அழகாக. இனிஷியல், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் ஒரு புள்ளி, பெயர், கடைசி எழுத்திலிருந்து பின்னால் ஓடிவரும் கோடு. தேதி முந்தின நாள். வலது கையைத் தூக்கவே முடியாதவர் நேற்று இதை எப்படிப் போட்டார்?

மகளிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. “நான்தான் சார் போட்டேன். போன வாரம் வந்தப்ப கவுண்டர்ல பழைய கையெழுத்து இல்லாம ஃபாரம் வாங்க மாட்டோம்னு சொன்னாங்க. அம்மாவால போட முடியலைங்க சார், நான் என்ன பண்றது?”

தப்பு எங்களுடையது. பழைய மாதிரி கையெழுத்துப் போட முடியாததால்தான் ஒருவர் இந்தப் படிவத்தையே கேட்கிறார். அவரிடம் போய் பழைய கையெழுத்தைப் போட்டுக் கொடு என்றால் வீட்டில் இருக்கிற யாரோ ஒருவர்தான் அதைப் போட வேண்டிவரும். நல்ல மனதோடு வந்த ஒரு பெண்ணை நாங்களே தாயின் கையெழுத்தைப் போலியாகப் போட வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து உடல் காரணமாகக் கையெழுத்து மாறும் படிவங்களில் அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு ‘பழையபடி கையெழுத்திட இயலவில்லை, வாடிக்கையாளரை நேரில் பார்த்து அடையாளம் உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதி, நானும் இன்னொரு அதிகாரியும் கையெழுத்துப் போடுவதை வழக்கமாக்கினேன். ஆள் அவர்தான் என்று காட்ட ஆதார் அட்டை இருக்கிறது, கணக்கில் ஏற்றிய போட்டோ இருக்கிறது, வருடக்கணக்காகப் பார்த்த முகம் இருக்கிறது. பழைய கையெழுத்து எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடமே மாதிரிக் கையெழுத்துக் கார்டும் பழைய சீட்டுகளும் இருக்கின்றன.

அப்புறம் கீழே இருந்த மூன்று புதிய கையெழுத்து. நோயால் நடுங்கும் கைக்கும், பார்த்து வரையும் கைக்கும், இன்னொருவர் பிடித்து நகர்த்தும் கைக்கும் வித்தியாசம் தெரியும், கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் போதும். நோயால் நடுங்கும் கை எல்லா இடத்திலும் நடுங்கும், எழுத்து சரியாக விழுந்ததா என்று கவலைப்படாது, திரும்பி வந்து திருத்தாது. பார்த்து வரைபவரின் கோடு மெதுவாக, ஒரே அழுத்தத்தில் ஊர்ந்து போகும். எங்கே கஷ்டமான வளைவு வருகிறதோ அங்கே தயங்கும், விட்டுப்போன இடத்தை ஒட்டவைக்கும். கையைப் பிடித்துப் போட்ட கையெழுத்து இரண்டிலும் சேராது. ஒரு இடத்தில் கோடு சரசரவென்று ஓடும், அடுத்த இடத்தில் முட்டி நிற்கும், வளைய வேண்டிய இடம் கூர்மையாக ஒடிந்திருக்கும், எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாகிவிடும். இரண்டு பேரின் பலம் ஒரு பேனாவில் மோதுவதால் வருவது இது. டீச்சரின் படிவத்தில் இருந்தது இந்த மூன்றாவது ரகம். மகளும் சொல்லிவிட்டார், பேனாவை அம்மா விரலுக்குள் வைத்து மேலே தன் கையை வைத்து எழுதவைத்தாராம்.

இங்கே ஒரு சட்ட விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு கையும் இல்லாதவர் கணக்கை எப்படி நடத்துவது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை சுற்றறிக்கையில் ஒரு பத்தி உண்டு. 1950-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டி, கையெழுத்திடுபவருக்கும் அந்தக் குறிக்கும் நேரடி உடல் தொடர்பு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதனால் கால் பெருவிரல் ரேகையும் செல்லும், எந்த வகையிலாவது அவர் வைக்கிற ஒரு குறியும் செல்லும். இதைப் படித்துவிட்டு, கையைப் பிடித்துப் போட்டாலும் உடல் தொடர்பு இருக்கிறதே என்று ஒரு சக ஊழியர் கேட்டார். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: தாளைப் பிடிக்கலாம், மணிக்கட்டுக்கு அடியில் தலையணை வைக்கலாம், முழங்கையைத் தாங்கலாம். பேனா எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் வாடிக்கையாளர்தான் தீர்மானிக்க வேண்டும். தவிர, பிடித்துப் போட்ட கையெழுத்தை மாதிரியாக ஏற்றினால் அடுத்த முறை வேறொருவர் பிடிக்கும்போது அது வேறு மாதிரி வரும். பொருத்திப் பார்க்க அதில் ஒன்றுமே இருக்காது.

படிவத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் சில சேவைகளை வீட்டுக்கே போய்ச் செய்து கொடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கிளையின் இன்னொரு அதிகாரியையும் கூட்டிக்கொண்டு அடுத்த நாள் மத்தியானம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். காலையில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் மருந்து, குளியல், உடற்பயிற்சி எல்லாம் முடிவதற்குள் அம்மா களைத்துவிடுவார், தூங்கி எழுந்தபின் வாருங்கள் என்று மகள் சொன்னார். பத்து நிமிடத்தில் கை சோர்ந்துவிடும் ஒருவரிடம் மாதிரி வாங்கப் போகும்போது இந்த நேரக் கணக்கு ரொம்ப முக்கியம்.

பக்கவாதத்தைப் பற்றி வங்கி ஊழியர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வலது கையை ஆட்டுவிப்பது மூளையின் இடது பக்கம், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அதே பக்கத்தில்தான். அதனால் வலது கை விழுந்தவருக்குப் பேச்சும் சேர்ந்து போவது சாதாரணம். எழுத முடியாதவராகப் பார்த்து அவரால் சொல்லவும் முடியாமல் போகிறது, அவருக்காக வீட்டார் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் பேச்சு போனதால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதே சமயம், பேசுவதைப் புரிந்துகொள்வதும் சிலருக்குக் குறையும், ஆகவே புரிகிறது என்று நாமாகவே எடுத்துக்கொள்ளவும் முடியாது. பார்த்துத்தான் ஆக வேண்டும்.

டீச்சரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. “சரி.”

உள்ளே போய் வணக்கம் சொன்னேன். “சரி” என்றார். சாப்பிட்டீங்களா டீச்சர் என்றேன், “சரி.” கையெழுத்தை மாத்தணும்னு ஃபாரம் வந்திருக்கு, மாத்திடலாமா என்று கேட்டிருந்தால் அதற்கும் “சரி” வந்திருக்கும், நானும் நிம்மதியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். அதனால் ‘இல்லை’ என்று பதில் வர வேண்டிய கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். “டீச்சர், இந்த வீடு மேட்டூர்லயா இருக்கு?” வாய் “சரி” என்றது, தலை தெளிவாக இல்லை என்று ஆடியது, அவருக்கே தன் வாயின் மேல் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. அப்போது புரிந்தது, இவருடைய பதில் தலையில் இருக்கிறது, வாயில் இல்லை. ஏற்காடா என்றேன், ஆமாம் என்று தலை அசைந்தது. பென்ஷன் எங்கள் கிளைக்கு வருகிறதா, தபால் ஆபீசுக்கா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டு பாஸ்புக்கை எதிரில் வைத்து உங்களுடையதைக் காட்டுங்கள் என்றேன், இடது கையால் தன்னுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மகளைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரச் சொன்னேன். அது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சந்தேகப்படவில்லை, யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் ஒத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து அதே கேள்விகளைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். “பழைய கையெழுத்தே இருக்கட்டுமா?” இல்லை என்றார். “இடது கையால புதுசா ஒண்ணு போடறீங்களா?” ஆமாம். முதலில் கேட்டதற்கும் இதற்கும் பொருந்தி வந்தது.

அந்தப் படிவத்தோடு இன்னொரு விண்ணப்பமும் பின் செய்யப்பட்டிருந்தது, மகளின் பெயரையும் கணக்கில் சேர்த்து இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்ற. அதுவும் யாரோ சொல்லிக் கொடுத்துதான் வந்திருக்க வேண்டும். தனியாக அதை எடுத்துக் கேட்டேன். டீச்சர் தலை இல்லை என்றது. வேறு விதமாகக் கேட்டேன், அப்போதும் இல்லை. மருந்துச் செலவுக்கு மகள் உங்கள் செக்கைக் கொண்டுவந்து பணம் வாங்கிக்கொள்ளலாமா என்றேன், உடனே ஆமாம். கையெழுத்து மாற்றம் வேறு, கணக்கில் ஆள் சேர்ப்பது வேறு. கை விழுந்த நேரத்தில் இரண்டும் ஒரே கட்டாக வந்து சேர்ந்தால் பிரித்துப் பிரித்துக் கேட்டே ஆக வேண்டும். பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை அங்கேயே மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அம்மா எப்பவும் அப்படித்தான் சார், தன் கணக்கு தன்கிட்ட இருக்கணும்” என்றார்.

இனி கையெழுத்து. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கைநாட்டு வாங்கிவிடலாம் என்பதுதான், வேலை சுலபம். ஆனால் கைநாட்டுக் கணக்காக மாற்றிவிட்டால் பல கிளைகளில் செக்புக் தர மாட்டார்கள், ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். டீச்சர் செக்கிலேயே குடித்தனம் நடத்தியவர். இடது கையில் ஏதாவது ஒன்று நிலையாக வருமானால் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கோடில்லாத வெள்ளைத் தாள், அட்டை மேல் கிளிப் போட்டு, கறுப்பு ஜெல் பேனா. பால்பாயிண்டுக்கு அழுத்தம் வேண்டும், பலமில்லாத கைக்கு அது கோடே விடாது, ஸ்கேனில் பாதி காணாமல் போகும். முதல் இரண்டு தடவை முழுப் பெயரை எழுதப் பார்த்து நடுவிலேயே நின்றுவிட்டது. சின்னதாகப் போதும் டீச்சர், உங்களுக்கு எது வருதோ அது என்றேன். மூன்றாவது தடவை இனிஷியல், புள்ளி, பெயரின் முதல் இரண்டு எழுத்து, அடியில் ஒரு குட்டைக் கோடு. டீ வந்தது, குடித்தோம். மறுபடி இரண்டு. கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி இரண்டு. ஒரே மூச்சில் வாங்கினால் அந்த நேரத்துக் கைதான் கிடைக்கும், இடைவெளி விட்டு வாங்கினால்தான் எது நிலைக்கிறது என்று தெரியும்.

கிளையிலிருந்து பழைய பணம் எடுக்கும் சீட்டுகள் நாலைந்தை எடுத்து வந்திருந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. எழுத்து வடிவம் ஒன்றுகூட ஒட்டவில்லை, கை வேறு, சாய்வு வேறு. ஆனால் அந்தப் புள்ளி, இனிஷியலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில், இடது கையிலும் அதே இடத்தில் விழுந்திருந்தது. கோடும் கடைசியில்தான் வந்தது. எழுத்தின் அழகு கையோடு போய்விடும், ஆனால் எதை முதலில் எழுதுவது, எங்கே புள்ளி வைப்பது என்கிற பழக்கம் பல சமயம் மிஞ்சி நிற்கும். பொருத்திப் பார்க்கிறவர் தேட வேண்டியது அதைத்தான்.

கார்டில் மூன்று மாதிரிதான் ஏற்றலாம். ரொம்ப நன்றாக வந்த மூன்றைப் பொறுக்கி எடுக்கத்தான் கை போகும், நானும் முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை நன்றாக வந்தது ஒன்று, சுமாரானது ஒன்று, கோணலானது ஒன்று என்று மூன்றையும் பெரிய கட்டம் உள்ள கார்டில் ஏற்றினேன். செக் கிளியரிங்கில் போகும்போது எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு டீச்சரைத் தெரியாது. கோணலானது வந்தால் கோணலான மாதிரியும் அவர் கண் முன்னால் இருக்க வேண்டும். குறிப்பில் ‘பக்கவாதம், இடது கை, எழுத்து அளவு மாறும், புள்ளியும் அடிக்கோடும் பார்க்கவும்’ என்று ஏற்றினேன்.

மருத்துவச் சான்று வாங்கினோம், ஆனால் அது துணைக்குத்தான். வலது பக்கம் பலமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார், இந்தப் படிவம் அவர் விருப்பமா என்று டாக்டருக்குத் தெரியாது. டீச்சரின் தலை முன்னுக்குப் பின் முரணாக ஆடியிருந்தால் சான்று இருந்தாலும் நிறுத்தியிருப்பேன், கைநாட்டும் வாங்கியிருக்க மாட்டேன். புரிந்துகொள்ள முடியாதவரின் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பது கையெழுத்தைப் போலியாகப் போடுவதைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. அந்த நிலைமையில் குடும்பம் நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். அது கஷ்டமான வழி, அதைச் சொல்லவும் கஷ்டமாக இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிளம்புமுன் செக்புக்கைக் கேட்டேன். பலர் விட்டுவிடுகிற இடம் இது. பழைய கையெழுத்து போட்ட செக்குகள் இரண்டு விதமாக வெளியே இருக்கும். ஒன்று, நோய் வருவதற்கு முன்னால் நியாயமாகக் கொடுத்தது. இன்னொன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கையெழுத்து மட்டும் போட்டு வீட்டில் வைத்தது. டீச்சரின் அடிக்கட்டையில் ஜனவரி 9 தேதியிட்டு, கூரைத் தகடு வாங்கியதற்கு சேலம் கடை ஒன்றுக்கு 18,500 ரூபாய் செக் கொடுத்த குறிப்பு இருந்தது. அந்த செக் இன்னும் கணக்குக்கு வரவில்லை. புத்தகத்துக்குள் கையெழுத்து மட்டும் போட்ட வெற்று செக் இரண்டு இருந்தன. அந்த இரண்டையும் டீச்சர் தலையசைத்த பின் அவர் முன்னாலேயே கிழித்தோம், எண்களைக் குறித்து கிளையில் ரத்து செய்தோம். கடைக்குக் கொடுத்த செக்கின் எண்ணைத் தனியாக எழுதிக்கொண்டேன்.

ஏனென்றால் கணினியில் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினால் அந்தக் கடைக்காரரின் செக் கையெழுத்து மாறுபடுகிறது என்று திரும்பிவிடும். அது வெறும் சங்கடம் மட்டுமில்லை, கையெழுத்துப் பொருந்தாமல் திரும்பிய செக்குக்கும் செக் மோசடிப் பிரிவான 138-ல் வழக்குப் போட முடியும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படுத்த படுக்கையில் இருப்பவருக்கு வக்கீல் நோட்டீஸ் போகும். அதனால் பழைய கையெழுத்தை அழிக்காமல், எந்தத் தேதி வரைக்கும் போட்டது என்று குறித்து வைத்தேன். செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு மேல் பழைய கையெழுத்தோடு எது வந்தாலும் பணம் போகக் கூடாது, அதற்குள்ளும் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும்தான். மார்ச்சில் கடைக்காரர் செக்கைப் போட்டார், பிரச்சினை இல்லாமல் பணம் போனது.

லாக்கரும் டெபாசிட்டும் இருந்தால் அங்கே இருக்கிற கார்டு தனி, அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டீச்சருக்கு டெபாசிட் இருந்தது, லாக்கர் இல்லை.

கையில் கட்டுப் போட்டவர்கள் கதை வேறு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிற ஒருவர் மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வந்தார். ஆறு வாரத்தில் அவிழ்த்துவிடுவார்கள் என்றார். அவருக்கு மாதிரியையே மாற்றவில்லை. நேரில் வரும்போது சாட்சியோடு ரேகை வாங்கிப் பணம் கொடுத்தோம், கட்டு அவிழ்த்தபின் பழைய கையெழுத்தே வந்துவிட்டது.

பக்கவாதத்தில் கை திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். அதனால் ஏழாவது வாரத்தில் வாங்கிய மாதிரி ஆறாவது மாதத்தில் பொருந்தாமல் போகலாம். ஜூலையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று டைரியில் எழுதிவைத்திருந்தேன், போனேன். வலது கை வரவில்லை. இடது கை நன்றாகப் பழகியிருந்தது, பெயரில் இன்னும் இரண்டு எழுத்து கூடியிருந்தது. புதிய கார்டில் மூன்று போட்டுக் கொடுத்தார். ‘பழைய கையெழுத்து’ கட்டத்தைக் கோடு போட்டு அடிக்கப் போனேன், டீச்சர் இடது கையால் என் பேனாவைத் தடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கட்டத்தில் பிப்ரவரியில் போட்ட அதே குட்டைக் கையெழுத்தைப் போட்டார். இனிஷியல், புள்ளி, இரண்டு எழுத்து, கோடு. அதுதான் இப்போது அவருடைய பழைய கையெழுத்து.